பரீட்சைக்கு 80 சதவீத வரவு: இன்னும் எத்தனை வகுப்பு விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சேர், எனக்கு இப்ப 83 வீதம் வரவு இருக்கு. 80 இருந்தாக் காணும் எண்டு சொல்லினம். இன்னும் எத்தனை வகுப்பு விடலாம்?”

83 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. அது இன்று வரைக்குமான கணக்கு. பரீட்சைக்கான தகுதியோ அரையாண்டு முடியும் நாளில் பார்க்கப்படுவது. ஆகவே கணக்கைக் கடைசி நாளில் இருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

ஒரு 3 கிரெடிட் பாடத்தை எடுத்துக்கொள்வோம். விரிவுரைப் பாடம் என்றால் ஒரு கிரெடிட்டுக்குப் பொதுவாக 15 மணித்தியாலம், ஆக மொத்தம் 45 மணித்தியாலம். 80 சதவீதம் என்றால் 36 மணித்தியாலம் வந்திருக்க வேண்டும். மீதி 9 மணித்தியாலம்தான் அரையாண்டு முழுவதற்கும் நீங்கள் விடக்கூடியது. அதில் இதுவரை விட்டதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பதில்.

உங்கள் நேரசூசியில் அந்தப் பாடம் திங்கட்கிழமை 2 மணித்தியாலமும் வியாழக்கிழமை 1 மணித்தியாலமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கிழமை முடிந்துவிட்டது, 24 மணித்தியாலம் நடந்திருக்கிறது, நீங்கள் இரண்டு திங்கட்கிழமை வரவில்லை. அப்படியென்றால் வந்தது 20, விட்டது 4. பதிவேடு 83.3 என்று காட்டும். 9இல் 4 போக 5 மணித்தியாலம் மிச்சம்.

ஆனால் 5 மணித்தியாலம் என்பது ஐந்து வகுப்பு அல்ல. இரண்டு திங்களும் ஒரு வியாழனும் விடலாம். அல்லது ஒரு திங்களும் மூன்று வியாழனும் விடலாம். மூன்று திங்கள் விட்டால் 6 ஆகிவிடும், கதை முடிந்தது. வகுப்பை எண்ணுபவர்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். எப்போதும் மணித்தியாலத்தில் எண்ணுங்கள்.

எல்லை 80 ஆக இருக்கும்வரை மனதில் வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. மொத்த மணித்தியாலத்தை 5ஆல் பிரித்து, தசமத்தை விட்டுவிடுங்கள். வருவதுதான் விடக்கூடிய அளவு. 45க்கு 9, 30க்கு 6, 15க்கு 3. இந்தக் குறுக்குவழி கீழே இன்னொரு கேள்விக்கும் உதவப்போகிறது.

“மூண்டாம் கிழமையே 78 வீதம் எண்டு காட்டுது. என்ர சோதினை போச்சா?”

இல்லை. மூன்று கிழமையில் 9 மணித்தியாலம் நடந்திருக்கும், நீங்கள் ஒரு திங்கட்கிழமை வராமல் விட்டிருப்பீர்கள். 9இல் 7 என்பது 77.8. மொத்தக் கணக்கில் பார்த்தால் 9 மணித்தியாலத்தில் 2தான் செலவாகியிருக்கிறது. இன்னும் 7 கையில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஆள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர். பதினாலாவது கிழமை, 42 மணித்தியாலம் நடந்துவிட்டது, அவர் 8 விட்டிருக்கிறார். பதிவேட்டில் 80.95 என்று இருக்கும். பார்க்கிறவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நினைப்பார். ஆனால் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு மணித்தியாலம். கடைசித் திங்கள் பஸ்ஸைத் தவறவிட்டால் 10 விட்டவராகிவிடுவார்.

அதனால்தான் விளம்பரப் பலகையில் சதவீதத்தை ஒட்டுவதை விட “மிச்சம் 7 மணித்தியாலம்”, “மிச்சம் 1 மணித்தியாலம்” என்று ஒட்டுவது நல்லது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆரம்பத்தில் சதவீதம் சும்மா பயமுறுத்தும். கடைசியில் சும்மா ஆறுதல் சொல்லும்.

“80க்குக் கீழ போயிட்டன். இனி ஒழுங்கா வந்தா எத்தினை வகுப்பில ஏறும்?”

80 சதவீதம் என்பதை இப்படிப் பாருங்கள்: விட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வந்த மணித்தியாலம் நான்கு இருக்க வேண்டும். 10 நடந்து 3 விட்டிருந்தால், 12 வந்திருக்க வேண்டும். நீங்கள் வந்தது 7. இன்னும் 5 தொடர்ந்து வந்தால் 15இல் 12, சரியாக 80. எல்லை 75 என்றால் நான்குக்குப் பதில் மூன்று. 90 என்றால் ஒன்பது.

ஏற முடியாத கட்டமும் ஒன்று உண்டு. 45 மணித்தியாலப் பாடத்தில் விட்டது 10 மணித்தியாலம் ஆகிவிட்ட அந்த நாளிலேயே, மிச்சம் எல்லாவற்றுக்கும் வந்தாலும் 77.8க்கு மேல் போக வழியில்லை. அது ஏழாவது கிழமையில் நடந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் இருக்கிற மாணவரிடம் “முயற்சி செய்யுங்கோ, ஏறும்” என்று சொல்லக்கூடாது. மருத்துவச் சான்றிதழ் கொடுக்காமல் விட்ட நாட்கள் இருக்கின்றனவா, பதிவில் பிழை இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

“செய்முறை 15இல நான் 3 விட்டனான். கணக்குச் சரி எண்டுதான் விட்டனான். கடைசிக் கிழமை செய்முறையை நிப்பாட்டிட்டினம். இப்ப தகுதிப் பட்டியலில என்ர பெயர் இல்லை. இது எப்பிடி?”

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குத்தான் இடம் என்று சொன்னால் இதைத்தான் வைத்திருப்பேன்.

15இல் 12 வந்தால் சரியாக 80. நீங்கள் 3 விட்டதும் சரியான கணக்குத்தான். ஆனால் கடைசிச் செய்முறை நடக்கவில்லை. நடந்தது 14. அதில் நீங்கள் வந்தது 11. 11ஐ 14ஆல் பிரித்தால் 78.57. நீங்கள் புதிதாக ஒரு வகுப்பையும் விடவில்லை, ஆனாலும் எல்லைக்குக் கீழே வந்துவிட்டீர்கள்.

குறுக்குவழியைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 15ஐ 5ஆல் பிரித்தால் 3. 14ஐப் பிரித்தால் 2.8, அதாவது 2. ஒரு வகுப்புக் குறைந்ததும் விடக்கூடியதிலும் ஒன்று குறைந்துவிட்டது. அதன் பிறகு 13, 12, 11, 10 என்று குறைந்தாலும் 2தான், மாறாது. முதலாவது தடவை ஒரு வகுப்பு ரத்தாவதுதான் ஆபத்தானது.

இது செய்முறைக்கு மட்டும் நடப்பதல்ல. நம் பாடங்களின் மணித்தியாலங்கள் 15, 30, 45 என்று எல்லாமே 5ஆல் மீதியில்லாமல் பிரிபடுபவை. ஆகவே 80 என்ற எல்லையில் எல்லாப் பாடமும் விளிம்பிலேயே நிற்கிறது. 45 மணித்தியாலப் பாடத்தில் ஒரே ஒரு மணித்தியாலம் நடக்காமல் போனால், விடக்கூடியது 9இல் இருந்து 8 ஆகிவிடும். மாணவரின் தவறு அதில் எதுவும் இல்லை.

இதைத் தவிர்க்க நிறுவனம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விதியில் சதவீதம் இருக்கட்டும். ஆனால் முதல் கிழமையிலேயே அதை எண்ணாக மாற்றி, “இந்தச் செய்முறையில் 3 வரை விடலாம்” என்று எழுதிப் போட வேண்டும். பிறகு நிறுவனத்தின் பக்கத்தில் வகுப்பு ரத்தானால் அந்த 3ஐக் குறைக்கக்கூடாது. கணக்கில் இதைச் செய்யும் வழி எளிது: ரத்தான வகுப்பை நடந்ததாகவும், எல்லோரும் வந்ததாகவும் பதிவது. அப்போது உங்கள் கணக்கு 15இல் 12 ஆகவே இருக்கும்.

இதற்கும் ஓர் அளவு வேண்டும். 15இல் 5 ரத்தாகிவிட்டால், 3 விட்டவர் நடந்த 10இல் 7க்குத்தான் வந்திருப்பார். அப்படிப்பட்ட அரையாண்டில் பதில் வகுப்பு வைப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

உங்கள் பெயர் ஏற்கெனவே விடுபட்டுவிட்டது என்றால், துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ரத்தான வகுப்பின் திகதி, அது நடந்திருந்தால் 15இல் 12 என்ற கணக்கு, இந்த இரண்டையும் எழுதினால் போதும். நீளமாக வேண்டாம்.

“நாங்கள் யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு டிப்ளோமாப் பாடநெறி தொடங்குகிறோம். வரவு எல்லையை 75 வைப்பதா, 80 வைப்பதா?”

முதலில் உங்கள் வகுப்பு எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு சதவீதத்தைத் தீர்மானியுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

15 செய்முறை உள்ள பாடத்தில் 75 சதவீதம் என்றால் 11.25. கால் வகுப்புக்கு வர முடியாது, ஆகவே 12 வர வேண்டும். 80 சதவீதம் என்றாலும் 12தான். இரண்டிலும் விடக்கூடியது 3. கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் வாதாடி 80 என்று தீர்மானித்தாலும், அந்தப் பாடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 45 மணித்தியால விரிவுரையில்தான் வித்தியாசம் தெரியும்: 75 என்றால் 11 விடலாம், 80 என்றால் 9.

அப்புறம் மேலே சொன்ன விளிம்பைப் பாருங்கள். 75இல் நான்குக்கு ஒன்று விடலாம். 15ஐ 4ஆல் பிரித்தால் 3, 14க்கும் 3, 13க்கும் 3, 12க்கும் 3. அதாவது மூன்று செய்முறை ரத்தானாலும் மாணவரின் கணக்கு அசையாது. 80இல் ஒன்று ரத்தானாலே அசைந்துவிடும். வகுப்புகள் அடிக்கடி தள்ளிப்போகும் இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

என் கருத்து இதுதான்: திட்டமிட்ட எல்லா வகுப்பையும் நடத்தி முடிக்க உங்களால் முடியும் என்றால் 80 வையுங்கள். பகுதிநேர விரிவுரையாளர்களை நம்பி நடத்துகிறீர்கள், வகுப்புகள் தள்ளிப்போகும் என்றால் 75 வையுங்கள், அல்லது 80 வைத்து ரத்தான வகுப்புக்கான விதியைச் சேர்த்து எழுதுங்கள்.

எதை வைத்தாலும் மணித்தியாலமா வகுப்பா எதை எண்ணுவது, மொத்தம் என்பது திட்டமிட்டதா நடந்ததா, முழு எண்ணாக்குவதா இல்லையா, இந்த மூன்றையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். இவை எழுதப்படாத “80 சதவீத வரவு அவசியம்” என்ற ஒற்றை வரியில் இருந்துதான் ஒவ்வொரு அரையாண்டும் சண்டை வருகிறது.

“விரிவுரையும் செய்முறையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு 83 வருகிறது. ஏன் தகுதியில்லை என்கிறார்கள்?”

பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், அதனால். 30 மணித்தியால விரிவுரைக்கு முழுவதும் வந்து, 30 மணித்தியாலச் செய்முறையில் 10 விட்டிருந்தால் கூட்டாக 60இல் 50, அதாவது 83.3. செய்முறையை மட்டும் பார்த்தால் 66.7. ஆய்வுகூட வேலையை நண்பரின் குறிப்புப் பார்த்துப் படிக்க முடியாது, ஆகவே தனித்தனியாகப் பார்ப்பதே நியாயம். அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம்.

“மெடிக்கல் குடுத்தனான். அப்ப அந்த நாளெல்லாம் வந்த மாதிரித்தானே?”

அது உங்கள் நிறுவனத்தின் விதியில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சான்றிதழ் ஏற்கப்பட்டது என்று ஒரே சொல்லில் சொன்னாலும், கணக்கில் அது இரண்டு விதமாக வேலை செய்யும்.

டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாணவி. 45 மணித்தியாலத்தில் 6 அதனால் போனது. வேறு காரணங்களால் 6 விட்டிருக்கிறார். வந்தது 33. சான்றிதழ் இல்லாமல் பார்த்தால் 73.3, தகுதியில்லை.

அந்த 6ஐ வந்ததாகக் கணக்கிட்டால் 45இல் 39, அதாவது 86.7. விடக்கூடிய 9இல் அவர் 6தான் விட்டிருக்கிறார், இன்னும் 3 விட்டிருக்கலாம். அந்த 6ஐ மொத்தத்தில் இருந்தே கழித்தால் 39இல் 33, அதாவது 84.6. 39ஐ 5ஆல் பிரித்தால் 7.8. ஆகவே 7 விட்டிருக்கலாம், மிச்சம் 1. சதவீதத்தில் வித்தியாசம் இரண்டுதான். ஆனால் “இன்னும் எத்தனை விட்டிருக்கலாம்” என்று கேட்டால் ஒன்றில் 3, மற்றதில் 1.

கழிக்கும் முறைதான் சரி என்பது என் எண்ணம். வராத வகுப்பை வந்ததாக எழுதினால் பதிவேடு பொய் சொல்கிறது. கழிக்கும்போது அது நடந்ததை நடந்தபடி சொல்கிறது, மாணவியும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் இதற்குக் கீழெல்லை ஒன்று வைக்க வேண்டும். 45இல் 30 மணித்தியாலம் சுகவீனத்தில் போய், மீதி 15இல் 13க்கு வந்த ஒருவருக்குக் கணக்கு 86.7 காட்டும். அவர் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பரீட்சையை ஒத்திவைத்துக் கொடுப்பதுதான் உதவி.

சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை முதலே கேட்டு வையுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் கொண்டுவரும் சான்றிதழை யாரும் விருப்பத்தோடு பார்ப்பதில்லை.

“நெடுந்தீவில இருந்து வாறனான். கடல் கொந்தளிப்பெண்டாப் படகு ஓடாது. கார்த்திகை மழையில பஸ்ஸும் பிரச்சினை. அந்த நாளுக்கு என்ன செய்யிறது?”

வகுப்பே நடக்காத நாளுக்கும், வகுப்பு நடந்து நீங்கள் மட்டும் வர முடியாத நாளுக்கும் வேறுவேறு பதில். வெள்ளத்தால் வகுப்பு நடக்கவில்லை என்றால் அது ரத்தான வகுப்பு. மேலே சொன்ன கணக்குப் பொருந்தும்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு வராத நாளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வகுப்பு வழமைபோல நடந்தால், அது சாதாரணமாக விட்ட வகுப்பாகவே பதியப்படும். சுகவீனத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, கடலுக்கு இல்லை. ஆகவே நீங்கள் அந்த 9 மணித்தியாலத்தை மழைக்காலத்துக்காகச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தக் காலத்தில் மற்றவர்கள் இரண்டு நாள் விட்டால் அவர்களுக்குப் பரவாயில்லை, உங்களுக்கு அது கட்டாது. அரையாண்டின் முதல் பாதியில் 3 மணித்தியாலத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

நிறுவனத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதில் வகுப்பைச் சனிக்கிழமை காலை என்று வெள்ளி பின்னேரம் அறிவித்தால், தீவில் இருந்து வருபவரும் முல்லைத்தீவில் இருந்து வருபவரும் வர முடியாது. பதில் வகுப்புக்கு வராததை விட்டதாகப் பதிய வேண்டுமென்றால், ஒரு கிழமைக்கு முன் அறிவித்திருக்க வேண்டும். அப்படி அறிவிக்காவிட்டால் வந்தவர்களுக்கு வரவைக் கொடுங்கள், வராதவர்களுக்கு அந்த வகுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

“79.5 வந்தால் 80 தானே?”

விதியில் முழு எண்ணாக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும். 44இல் 35 வந்தவருக்கு 79.545. கணினித் தாளில் தசமம் இல்லாமல் காட்டும்படி வைத்திருந்தால் திரையில் 80 என்றே தெரியும், மாணவரும் அதைத்தான் படம் எடுத்து வைத்திருப்பார். தகுதிப் பட்டியலோ உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து அவரை நீக்கிவிடும். காட்டும் இடத்தில் இரண்டு தசமம் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

“இரண்டு மணித்தியால வகுப்பில் இடைவேளையில் போய்விட்டால்?”

கையெழுத்துத் தாளில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம் வைத்தால் தீர்ந்தது. வந்தது ஒன்று, விட்டது ஒன்று.

“எல்லாருடைய மிச்சத்தையும் எக்செலில் ஒரே தடவையில் எடுக்க என்ன எழுத வேண்டும்?”

B நிரலில் அரையாண்டுக்குத் திட்டமிட்ட மொத்தம், C நிரலில் இதுவரை நடந்தது, D நிரலில் மாணவர் வந்தது. E நிரலில் இது:

```
=B2-ROUNDUP(B2*80/100,0)-(C2-D2)
```

முதல் பகுதி விடக்கூடியதைத் தருகிறது, கடைசிப் பகுதி ஏற்கெனவே விட்டதைக் கழிக்கிறது. விடை 0 என்றால் இனி ஒன்றும் விட முடியாது. கழித்தல் குறியோடு வந்தால் எல்லை தாண்டியாயிற்று.

80/100 என்பதை 0.8 என்று சுருக்கி, 1இல் இருந்து கழித்துப் பெருக்கலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கணினி 0.8ஐ இரும எண்ணில் துல்லியமாக வைத்திருக்க முடியாது. பைதானில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
int((1 - 0.8) * 45)      # 8
45 * (100 - 80) // 100   # 9
```

முதல் வரி உள்ளே 8.999999999999998 என்று கணக்கிட்டு, தசமத்தை வெட்டி 8 என்று தருகிறது. ஒரு மாணவருக்கு உரிய ஒரு மணித்தியாலம் அங்கே காணாமல் போகிறது, திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லையை 80 என்று முழு எண்ணாகவே வைத்து, பெருக்கிய பிறகு 100ஆல் பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

புதுத் தாளை யாருக்கும் கொடுக்க முன் C, D இரண்டையும் 0 ஆக வைத்து, B இல் 45, 15, 14 என்று போட்டுப் பாருங்கள். 9, 3, 2 என்று வர வேண்டும்.